சதுரத்தில் விழுந்த பெருக்கல் குறி: மகளின் டிசிஷன் ட்ரீ கணக்கும் ஒரு அப்பாவின் கேள்வியும்

வணக்கம் சார்.

முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் கிளை கிளையாகக் காட்டும் டிசிஷன் ட்ரீ ஒன்றை உங்கள் மகள் தேர்வுத் தாளில் போட்டிருந்தாள். அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். "எம்.பி.ஏ. முதல் செமஸ்டரிலேயே இப்படித் தப்பு விடுகிறாள். பிசினஸ் அனலிஸ்ட் ஆவேன் என்கிறாள். கணக்கு வராத பிள்ளைக்கு அது சரிப்படுமா, பேசாமல் எச்.ஆர். எடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்தேன். பெருக்கலும் கூட்டலும் எங்கேயும் பிசகவில்லை. தப்பு ஒரே இடத்தில்தான், அதுவும் கணக்குத் தப்பு என்று சொல்ல முடியாத தப்பு. முதலில் அதைக் காட்டிவிடுகிறேன். பெருக்கத் தெரிந்தால் போதும், நீங்களும் கூடவே வரலாம்.

கேள்வி இதுதான். ஒரு நிறுவனத்தின் முன் மூன்று வழிகள். 40 லட்சத்துக்குப் புது இயந்திரம் வாங்கலாம். 12 லட்சம் செலவழித்துப் பழையதைப் புதுப்பிக்கலாம். அல்லது ஒன்றும் செய்யாமல் இருந்து, உறுதியாக வரும் 10 லட்சத்தோடு நிற்கலாம். சந்தையில் கிராக்கி நன்றாக இருக்க 0.6 வாய்ப்பு. புது இயந்திரம் வாங்கிய பின் கிராக்கி இருந்தால் 90 லட்சம் வரும், இல்லாவிட்டால் 25 லட்சம். புதுப்பித்த பின் கிராக்கி மந்தமானால் 15 லட்சம். நன்றாக இருந்தால் அங்கே இன்னொரு முடிவு எடுக்க வேண்டும்: அப்படியே ஓட்டினால் 45 லட்சம்; மேலும் 15 லட்சம் போட்டு விரிவுபடுத்தினால் 0.7 வாய்ப்பில் 80 லட்சம், 0.3 வாய்ப்பில் 40 லட்சம்.

படத்தில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. புது இயந்திரத்தின் கீழ்க் கிளையில் உங்கள் விரல் நிழல் விழுந்து வாய்ப்பு எண் மறைந்திருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. மரத்தில் சதுரம் என்றால் நாம் முடிவெடுக்கும் இடம், வட்டம் என்றால் வாய்ப்பைப் பொறுத்து நடக்கும் இடம். ஒரு வட்டத்திலிருந்து கிளம்பும் வாய்ப்புகள் எல்லாம் சேர்ந்து 1 ஆக வேண்டும், ஆகவே அது 0.4. இரண்டாவது சிக்கல்தான் ஆபத்தானது. கேள்வியின் மேல் வரிகள் வெட்டுப்பட்டிருப்பதால், கிளை நுனியில் உள்ள தொகைகள் செலவு கழித்த லாபமா, கழிக்காத வருமானமா என்று தெரியவில்லை. ஏற்கெனவே கழித்ததாக இருந்தால் மறுபடி கழிப்பது இரட்டைக் கழிவு. கழிக்காததாக இருந்து நாமும் விட்டுவிட்டால் பெரிய செலவுள்ள வழி பெரும்பாலும் ஜெயித்துவிடும். நல்லவேளை, பேராசிரியர் சிவப்பு மையில் ஓரமாக 25.8 என்று எழுதியிருக்கிறார். செலவைக் கழித்தால்தான் அந்த எண் வருகிறது. கழிக்காமல் போட்டால் புது இயந்திரம் 64, புதுப்பித்தல் 46.8 என்று விடையே திரும்பிவிடும். அதனால் நுனியில் உள்ளவை கழிக்காத வருமானம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இனி இதுபோல் படம் எடுக்கும்போது கேள்வியின் வாசகம் முழுதும் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மரத்தின் படத்தை விட அந்த வரிகள் முக்கியம்.

சரி, கணக்கு. வலது நுனியிலிருந்து இடது பக்கம் வர வேண்டும். விரிவாக்கத்தின் வட்டத்தில் 0.7 × 80 = 56, 0.3 × 40 = 12, மொத்தம் 68. விரிவாக்கச் செலவு 15 போக 53. இப்போது அதற்கு இடப்புறம் உள்ள சிறிய சதுரத்துக்கு வருகிறோம். ஒரு பக்கம் 53, மறு பக்கம் 45. உங்கள் மகள் இங்கே இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 49 என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று பேராசிரியர் போட்ட பெருக்கல் குறி விழுந்திருப்பதும் இங்கேதான்.

வட்டத்தில் நடப்பது நம் கையில் இல்லை. அதனால் வாய்ப்பை வைத்துப் பெருக்கிக் கூட்டுகிறோம். சதுரத்தில் முடிவு எடுப்பது நிறுவனம். 53 கிடைக்கும் வழி கண் முன்னே இருக்கும்போது யாரும் பாதி மனசாக 45-க்கும் போக மாட்டார்கள். எனவே பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, மற்றக் கிளையை இரண்டு கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். அதாவது சதுரத்தின் மதிப்பு 53.

இந்த ஒன்றைத் திருத்தினால் புதுப்பித்தலின் கணக்கு 0.6 × 53 = 31.8, 0.4 × 15 = 6, மொத்தம் 37.8, செலவு 12 போக 25.8. புது இயந்திரம் 0.6 × 90 = 54, 0.4 × 25 = 10, மொத்தம் 64, செலவு 40 போக 24. ஒன்றும் செய்யாமல் இருந்தால் 10 மட்டும்தான். ஆக, புதுப்பித்தலே மேல். அவள் 49 வைத்துப் போட்டதால் புதுப்பித்தல் 23.4-க்கு இறங்கி, 24 உள்ள புது இயந்திரம் முன்னால் வந்துவிட்டது. ஒரு சதுரத்தில் சராசரி எடுத்ததற்கு விலை, தவறான இயந்திரத்தை வாங்கச் சொன்னது.

படத்தில் அந்தச் சதுரம் வட்டம் மாதிரியே தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேனாவால் அவசரமாகப் போட்டால் மூலைகள் உருண்டுவிடும். வடிவம் தெளிவாக இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: அதிலிருந்து கிளம்பும் கோடுகளில் வாய்ப்பு எண்கள் எழுதியிருந்தால் வட்டம், செயல்களும் செலவும் எழுதியிருந்தால் சதுரம். "விரிவாக்கு", "அப்படியே ஓட்டு" என்ற கோடுகளில் வாய்ப்பு எண் எதுவும் இல்லை. அங்கே சராசரிக்கு இடமே கிடையாது. அவள் தானாகவே ஆளுக்கு 0.5 போட்டுக்கொண்டாள்.

எக்செலில் ஒரு முறை போடச் சொன்னால் இது மனசில் நிற்கும். விரிவாக்கத்துக்கான வாய்ப்புகளை B2, B3-இலும் வருமானங்களை C2, C3-இலும் எழுதட்டும். முதல் வரியை E2-இல் போட்டால் 53 வரும். E3-இல் 45 எழுதிவிட்டு, இரண்டாவது வரியை E4-இல் போடட்டும்.

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)-15
=MAX(E2,E3)
```

வட்டத்துக்கு முதல் வரி, சதுரத்துக்கு இரண்டாவது வரி. எத்தனை கிளை வந்தாலும் இந்த இரண்டையே மாற்றி மாற்றிப் போட வேண்டியதுதான்.

இனி உங்கள் கேள்வி. 25.8 என்ற விடையைக் கண்டுபிடிப்பதோடு தேர்வு முடிந்துவிடும், வேலை அங்கேதான் தொடங்கும். அனலிஸ்ட் ஒருவர் இந்த மரத்தை மேலாளர் முன் வைத்தால் வரக்கூடிய முதல் கேள்வி, "இந்த 0.6 எங்கிருந்து வந்தது?" என்பது. யாரோ விற்பனைப் பிரிவில் உத்தேசமாகச் சொன்னதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் எவ்வளவு மாறினால் முடிவு மாறும் என்று கையில் வைத்திருக்க வேண்டும். வாய்ப்பை p என்று வைத்தால், புது இயந்திரத்தின் மதிப்பு 65p − 15, புதுப்பித்தலின் மதிப்பு 38p + 3. இரண்டும் சமமாகும் இடம் p = 2/3, ஏறக்குறைய 0.67. அதாவது 0.6 என்று சொன்னவர் 0.7 என்று சொல்லியிருந்தால் புது இயந்திரம் 30.5, புதுப்பித்தல் 29.6 என்று முடிவு புரண்டிருக்கும். உத்தேச எண்ணுக்கு 0.07 பிசகு ஒரு பிசகே இல்லை. ஆக, "புதுப்பித்தல்தான் சரி" என்று அடித்துச் சொல்ல இந்த மரம் இடம் தரவில்லை. "இரண்டும் நெருக்கம், கிராக்கியை இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்" என்பதே நேர்மையான அறிக்கை.

இரண்டாவது கேள்வி, "அப்போ 25.8 லட்சம் கிடைக்குமா?" கிடைக்காது. அந்தத் தொகை எந்தக் கிளை நுனியிலும் இல்லை. புதுப்பித்தல் வழியில் உண்மையில் கைக்கு வரக்கூடியவை மூன்றுதான்: 0.42 வாய்ப்பில் 53 லட்சம், 0.18 வாய்ப்பில் 13 லட்சம், 0.4 வாய்ப்பில் 3 லட்சம். இதே போல நூறு முறை முடிவெடுத்தால் சராசரி 25.8-ஐ ஒட்டி வரும். புது இயந்திரத்தில் 50 லட்சம் லாபம் அல்லது 15 லட்சம் நஷ்டம், நடுவில் எதுவும் இல்லை. பெரிய கம்பெனிக்கு 15 லட்சம் நஷ்டம் ஒரு பொருட்டில்லை. சிறிய பட்டறைக்கு அது கடை மூடும் தொகை. இப்படி வாய்ப்பால் பெருக்கிக் கூட்டி வரும் எதிர்பார்க்கும் மதிப்பு இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. 1738-லேயே கணித அறிஞர் டேனியல் பெர்னூலி எழுதியது இதைத்தான்: ஒரே தொகை ஏழைக்கு ஒரு மதிப்பு, பணக்காரருக்கு வேறு மதிப்பு.

கடிதத்தின் கடைசியில், "இதே மாதிரி மரம் வரைந்து அவள் படிப்பைத் தொடரலாமா, வேலைக்குப் போகலாமா என்று பார்க்கலாமா?" என்று பாதி வேடிக்கையாகக் கேட்டிருந்தீர்கள். வரையலாம்; என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எப்போது கையை விட்டுப் போகும் என்பது தெளிவாகும். சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனி வருடத்துக்குப் பல முடிவு எடுக்கிறது, ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்று ஈடுகட்டும். கல்விக் கடன் வாங்கும் குடும்பம் இந்த முடிவை ஒரே முறைதான் எடுக்கிறது. அதனால் மிக மோசமான கிளை நுனியைத் தனியாகப் பார்த்து, அதை உங்களால் தாங்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெருக்கிக் கூட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

எச்.ஆர். பக்கம் அவளுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகட்டும். இந்தப் பெருக்கல் குறியைப் பார்த்துப் பயந்து போக வேண்டாம். அவளுக்கு வராதது கணக்கு இல்லை. எது நம் கையில், எது நம் கையில் இல்லை என்று படத்தைப் பார்த்துப் பிரிப்பதில் பிசகியிருக்கிறது, அது சில மரங்களை வரைந்தாலே பிடிபடும். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போய் பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வு எழுத நினைத்தால், எக்ஸ்பெக்டட் மானிட்டரி வேல்யூ, சுருக்கமாக ஈ.எம்.வி., என்ற பெயரில் இதே கணக்கு அங்கேயும் வரலாம், ஆகவே இப்போதே சரிசெய்துகொள்வது லாபம்.

அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். விரிவாக்கச் செலவு 15 லட்சம் என்பது எவ்வளவு ஏறினால் அந்தச் சிறிய சதுரத்தில் 45-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும், அதற்கு முன்பே எந்த இடத்தில் புது இயந்திரம் முந்திவிடும் என்று இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கட்டும். முதல் எண் 23. இரண்டாவதை அவள் 18 என்று சொன்னால் சதுரம் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வேறு எண் வந்தால் தாளை மறுபடி படமெடுத்து அனுப்புங்கள், இந்த முறை கேள்வியோடு சேர்த்து.