வட்டி ஏறியது 2 சதவீதமா, 25 சதவீதமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் கடனுக்கான வட்டி விகிதம் 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் "2 சதவீத உயர்வு" என்று இருக்கிறது. நண்பரோ "25 சதவீத உயர்வு" என்கிறார். யார் சொல்வது சரி?

நண்பர் சொல்வது சரி. கடிதத்தில் உள்ள எண்ணும் சரியானதுதான். ஆனால் அதற்கு இட்டிருக்கும் அலகு தவறு. 10-லிருந்து 8-ஐக் கழித்தால் கிடைக்கும் 2 என்பது இரண்டு விகிதங்களுக்கு இடையிலுள்ள தொலைவு; அதைச் சதவீதப் புள்ளி என்று சொல்ல வேண்டும். அந்த 2-ஐப் பழைய விகிதமான 8-ஆல் வகுத்தால் 0.25 வருகிறது, பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் உயர்வு எவ்வளவு என்பதை இது காட்டுகிறது, அதுவே 25 சதவீதம். ஆகவே ஒரே மாற்றத்தை "2 சதவீதப் புள்ளி உயர்வு" என்றும் "25 சதவீத உயர்வு" என்றும் சொல்லலாம்.

"2 சதவீத உயர்வு" என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், 8-இல் 2 சதவீதம் வெறும் 0.16 என்பதால், புதிய விகிதம் 8.16 சதவீதமாகத்தான் இருக்க வேண்டும். எழுதியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிகிறது. ஏனெனில் பழைய விகிதமும் புதிய விகிதமும் உங்கள் கையில் இருக்கின்றன. அவை தெரியாதவருக்கு அந்தக் கடிதம் விடை சொல்லாது.

கேள்வி: வட்டி விகிதம் 25 சதவீதம் உயர்ந்தால் என் மாதத் தவணையும் 25 சதவீதம் உயருமா?

உயராது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். புள்ளிக்கும் சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர்கள்கூட இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

10 லட்சம் கடன், 240 மாதத் தவணைகள் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத விகிதத்தில் மாதத் தவணை ஏறக்குறைய 8,364. முதல் மாதத்தில் இதில் 6,667 வட்டிக்குப் போகிறது. எஞ்சிய 1,700 அளவிலான தொகைதான் அசலைக் குறைக்கிறது. அதே கடனை 10 சதவீதத்தில் வாங்கியிருந்தால் முதல் மாத வட்டி 8,333 ஆகியிருக்கும். இது 6,667-ஐவிடச் சரியாக 25 சதவீதம் அதிகம். நண்பர் சொன்ன 25 சதவீதம் அளப்பது இதைத்தான்: அதே நிலுவைத் தொகைக்கு, அதே காலத்துக்கு, வட்டியாகச் சேரும் பணம் எவ்வளவு கூடுகிறது என்பதை.

தவணைக்குள் அசலும் இருப்பதால் அதன் உயர்வு குறைவாக இருக்கும். 10 சதவீதத்தில் தவணை 9,650. உயர்வு ஏறக்குறைய 15 சதவீதம். கடன் முடியும் தறுவாயில் தவணையின் பெரும்பகுதி அசலாகவே இருக்கும் என்பதால் தாக்கம் இன்னும் குறையும்: இதே விகித உயர்வு 24 தவணைகள் மட்டுமே மீதமிருக்கும்போது வந்தால் தவணை ஏறக்குறைய 2 சதவீதமே கூடும்.

மாறாக, 20 ஆண்டுகளில் கட்டும் மொத்த வட்டியைப் பார்த்தால், தொடக்கத்திலிருந்தே 8 சதவீதம் என்றால் சுமார் 10.07 லட்சம், 10 சதவீதம் என்றால் சுமார் 13.16 லட்சம். உயர்வு ஏறக்குறைய 31 சதவீதம். விகிதம் கூடியபோது அசல் மெதுவாகக் கரைகிறது, கரையாத அசலுக்கு மேலும் வட்டி சேர்கிறது. அதனால்தான் இந்த எண் 25-ஐத் தாண்டுகிறது.

மாறும் வட்டிக் கடன்களில் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டுவதும் உண்டு. மேலே சொன்ன கடனில், தொடக்கத்திலேயே விகிதம் 10 ஆகி, தவணை மட்டும் 8,364 என்றே நீடித்தால், முதல் மாதத்தில் அசலுக்குச் சேர்வது 31 மட்டுமே. கடன் முடிய 56 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். "2" என்ற சிறிய எண்ணைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: விகிதம் 10-லிருந்து மீண்டும் 8-க்கு வந்தால் 25 சதவீதம் குறைந்தது என்று சொல்லலாமா?

கூடாது. இப்போது ஒப்பிட வேண்டிய பழைய விகிதம் 10. எனவே குறைவு 20 சதவீதம். புள்ளிக் கணக்கில் ஏறும்போதும் இறங்கும்போதும் 2 என்றே வரும்.

கேள்வி: ஒரே செய்தியை ஒருவர் "வட்டி 50 சதவீதம் உயர்வு" என்றும், இன்னொருவர் "25 அடிப்படைப் புள்ளிகள் உயர்வு" என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

விகிதம் 0.50 சதவீதத்திலிருந்து 0.75 சதவீதமானால் இரண்டும் பொருந்தும். ஒரு சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கே ஓர் அடிப்படைப் புள்ளி, ஆகவே 0.25 சதவீதப் புள்ளி என்பது 25 அடிப்படைப் புள்ளிகள். விகிதம் மிகத் தாழ்ந்திருக்கும்போது சிறிய நகர்வுகூடச் சதவீதக் கணக்கில் பெரிதாகத் தெரியும். அதே 25 அடிப்படைப் புள்ளிகள் 10 சதவீத விகிதத்தின்மேல் வந்தால் உயர்வு 2.5 சதவீதம் மட்டுமே. தொழிலில் உள்ளவர்கள் அடிப்படைப் புள்ளியை விரும்புவதற்குக் காரணம், அதை எவராலும் வேறு பொருளில் படிக்க முடியாது என்பதே.

கேள்வி: கணினி விரிதாளில் இரண்டு விகிதங்களைக் கழித்தபோது விடை "2.00%" என்று வந்தது. கணினியே சதவீதம் என்று சொல்கிறதே?

கழித்தலின் விடைக்குக் கணினி தனியே பொருள் காண்பதில்லை. கட்டத்துக்குச் சதவீத வடிவம் இருப்பதால் குறியைச் சேர்த்துக் காட்டுகிறது. A2-இல் 8%, B2-இல் 10% இருந்தால் கீழ்க்காணும் இரண்டு சூத்திரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

```
=B2-A2
=B2/A2-1
```

விடை வரும் இரண்டு கட்டங்களுக்கும் இரண்டு தசம இடமுள்ள சதவீத வடிவம் இருந்தால், முதலாவது 2.00% என்றும் இரண்டாவது 25.00% என்றும் காட்டும். இரண்டிலும் குறி ஒன்றே. முதலாவது மட்டும் சதவீதப் புள்ளி. அந்த நெடுவரிசையின் தலைப்பில் "புள்ளி" என்று நீங்களேதான் எழுதி வைக்க வேண்டும். முதல் கட்டத்திலுள்ள எண்ணை அறிக்கைக்கு அப்படியே நகலெடுப்பதால்தான் பல தவறுகள் பிறக்கின்றன.

கேள்வி: வைப்புத்தொகைக்கு 6 சதவீத வட்டி தரும் வங்கி, "வட்டியில் 10 சதவீதம் கூடுதல்" என்று விளம்பரம் செய்கிறது. எனக்கு என்ன கிடைக்கும்?

16 சதவீதம் கிடைக்காது என்பது உறுதி. 6-இல் 10 சதவீதம் 0.6 என்பதால் 6.6 சதவீதம் கிடைக்கும் என்றே கொள்ள வேண்டும். "0.5 சதவீதம் கூடுதல்" என்றிருந்தால், வங்கி வழக்கில் பெரும்பாலும் அது 0.5 புள்ளியைக் குறிக்கும், அதாவது 6.5 சதவீதம்.

தமிழில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. "வட்டி 6 சதவீதமாகக் குறைந்தது" என்பது சென்றடைந்த இடத்தைச் சொல்கிறது. "வட்டி 6 சதவீதம் குறைந்தது" என்பது நகர்ந்த அளவைச் சொல்கிறது. "ஆக" என்ற இரண்டு எழுத்து விடுபட்டால் செய்தியே மாறிவிடும். எனவே கூடுதல், குறைவு என்ற சொற்களை நம்பிக் கையொப்பமிடாமல், "எந்தத் தேதியிலிருந்து, எந்த விகிதம்" என்று முடிவான விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து புள்ளியையும் சதவீதத்தையும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.