ஃபிபனாச்சிக்காக வளையலை வைக்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகில் வேலை. தடைக்காலத்தில் மச்சான் போனில் ரூலெட் என்ற சக்கரச் சூதாட்டத்தைக் காட்டினார். முந்தின இரண்டு எண்ணைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசையில் பணம் கட்டு, தோற்றால் ஒரு படி ஏறு, ஜெயித்தால் இரண்டு படி இறங்கு, நட்டமே வராது என்றார். வீட்டுக்காரி செயினை வைத்து 40,000 வாங்கினேன். பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்று, 25,700 மிச்சம். வளையலையும் வைக்கச் சொல்கிறார். மார்ட்டிங்கேலுக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மச்சான் ஏன் கேட்கிறார் என்பது கணக்கிலேயே தெரிகிறது. 100, 100, 200, 300, 500 என்று ஏறி 5,500 வரை பத்துப் படியில் 14,300 போய்விட்டது. அடுத்த படி 8,900, அதற்கடுத்தது 14,400. கையில் இருப்பது இந்த இரண்டு படிக்குத்தான் காணும். 8,900-இல் ஜெயித்தாலும் 5,400 நட்டம் பாக்கிதான்.

ஆனாலும் இந்த வரிசை ஆளை மயக்கும். முதல் ஆறு ஆட்டம் தோற்றால் 2,000 போகும். பிறகு 1,300, 500, 200, 100 என்று நாலு ஜெயித்தால் 100 ரூபாய் லாபம். ஆறு தோல்வி, நாலு வெற்றி, அப்படியும் லாபம்! அந்தப் பத்து ஆட்டத்தில் மொத்தம் 4,100 கட்டியிருப்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஐரோப்பிய ரூலெட்டில் 37 கட்டம். சிவப்பு 18, கறுப்பு 18, ஒரு பூஜ்ஜியம். சிவப்பில் எவ்வளவு கட்டினாலும், சராசரியாக 37-இல் ஒரு பங்கு ஆட்டக்காரனுக்கு நட்டம். போன சுற்றில் தோற்றீர்களா என்பது சக்கரத்துக்குத் தெரியாது. ஆகவே எதிர்பார்க்கும் நட்டம் என்பது கட்டிய மொத்தத் தொகையை 37-ஆல் வகுப்பதுதான்: 4,100-க்கு 111 ரூபாய். பத்து ஆட்டமும் நூறு நூறாகவே கட்டினால் 27. வரிசை எதுவானாலும் இந்த விகிதம் அசையாது, கட்டும் தொகைதான் பெருகும்.

மார்ட்டிங்கேலில் தோற்கத் தோற்க இரட்டிப்பு. நூறில் தொடங்கினால் ஏழு படிக்கு 12,700 வேண்டும். ஏழும் தோற்பது சுமார் 106-இல் ஒரு தடவை. 105 தடவை நூறு நூறாகச் சேர்ந்த 10,500-ஐ அந்த ஒரு தடவை விழுங்கி, மேலே 2,200-ம் கேட்கும். ஒவ்வொரு நூறாக ஏறி இறங்கும் டாலம்பெர் முறை மெதுவாகக் கரைக்கும், அவ்வளவுதான். இதெல்லாம் நேர்மையான சக்கரத்துக்கு. தமிழ்நாட்டில் 2022 சட்டப்படி தடையான ஆன்லைன் சூதாட்டத்தில் சக்கரத்தை யார் சோதித்தார்கள்?

முதல் போதவில்லை என்பதற்காகக் கடன் வாங்குவதுதான் உங்கள் சிக்கல். 25,700-ஐ அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள். இதுவரை ஏறிய வட்டி தவிர, அசலில் 14,300-தான் நிற்கும், இனி வட்டியும் அதற்கு மட்டும். தடை முடிந்து கடலுக்குப் போனதும் பங்குப் பணத்தில் அதை முடியுங்கள். பணம் கடனுக்குப் போய்விட்டது என்று மச்சானிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிடுங்கள். அடுத்து ஆப்ஷன் டிரேடிங் என்று வருவார், அதற்கும் இதே பதில்தான்.

மிச்சப் பணம் ஆப்பில் இருந்து, அதை எடுக்க முதலில் "வரி" கட்டச் சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.