வீட்டு வேலைக் கூலி: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

செங்கோட்டை வாசகி: ஊதுவத்தி உருட்டும் வேலைக்கு 3,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்ட வேண்டாம். கூலி கொடுக்க வேண்டியவர் உங்களிடம் பணம் கேட்டால், அவருக்கு வருமானம் ஊதுவத்தியில் அல்ல, உங்கள் முன்பணத்தில்தான் இருக்கிறது.

கடையநல்லூர் வாசகி: ஆயிரம் பீடிக்கு 260 ரூபாய் என்கிறார் ஏஜெண்ட். நாளுக்கு 700 சுற்றுவேன். இலை பற்றாமல் வாரம் 90 ரூபாய்க்கு வெளியில் வாங்குகிறேன். தினமும் இரண்டு கட்டு கழித்துவிடுகிறார். இது கட்டுமா?

நீங்கள் கணக்கோடு எழுதியிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஆறு நாளில் 4,200 பீடி, கூலி 1,092 ரூபாய். கட்டுக்கு 25 என்றால் வாரத்தில் 300 பீடி கழிவில் போகிறது. அது 78 ரூபாய். இலைக்கு 90, நூலுக்குப் பத்து ரூபாய் போக, கையில் நிற்பது ஏறக்குறைய 910. அப்படியானால் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் ஆயிரத்துக்கான கூலி 260 அல்ல, சுமார் 217. நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் மணிக்கு 19 ரூபாய்.

இலைப் பற்றாக்குறைக்கு உங்கள் கை காரணமா, கடை காரணமா என்பதை ஒரே நாளில் அறியலாம். வாங்கும்போதே இலையை எடை போடுங்கள். ஈரம் தெளித்த இலை எடையில் நிறைந்து எண்ணிக்கையில் குறையும். வீட்டில் வெட்டிய துண்டுகளை எண்ணி, ஓட்டை விழுந்ததைத் தனியே வையுங்கள். நல்ல துண்டே 700க்குக் குறைந்தால் தவறு உங்களுடையதல்ல.

கழிவைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. மோசமென்று ஒதுக்கிய பீடியை ஏஜெண்ட் உங்கள் கண்முன் பிய்த்துப்போட வேண்டும். பிய்க்காமல் தன் பெட்டியில் வைத்துக்கொண்டால் அந்தப் பீடி விற்பனைக்குப் போகிறது, கூலி மட்டும் உங்களுக்கு இல்லை என்றுதான் பொருள். இலை வழங்குவது, கழிப்பது, கழித்ததற்குக் கூலி ஆகிய மூன்றிலும் எழும் தகராறைத் தீர்க்க 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே 2025 வரை வழி வைத்திருந்தது. இப்போது என்ன வழி என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் பாஸ்புக் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்; பக்கத்து வீட்டார் புத்தகத்தில் எண்ணிக்கையை ஏற்றினால் வருங்கால வைப்பு நிதியும் அவர்களுக்கே சேரும்.

களியக்காவிளை வாசகி: நைட்டி தைக்க ஒன்றுக்கு 15 ரூபாய், 45 நாள் கழித்துப் பணம். ஏற்கலாமா?

நூல் யாருடையது, ஓவர்லாக் யார் செலவு என்று எழுதவில்லை. அதில்லாமல் 15 என்பது வெறும் எண். நாளுக்கு 20 தைத்தால் 45 நாளில் 13,500 ரூபாய் அவர் கையில் உங்கள் கடனாக நிற்கும். முதலில் 20 மட்டும் தைத்துக் கொடுத்து, எண்ணிக்கையும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த 300 ரூபாய் வந்த பிறகே அடுத்த துணிக்கட்டை வீட்டுக்குள் விடுங்கள்.