ஈரச் சாலையில் 20 மீட்டரா, 30 மீட்டரா?

"குன்னூரில் எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படிக்கிறேன். வேகம் 36 கி.மீ., ரியாக்‌ஷன் நேரம் 1 விநாடி, காய்ந்த ரோட்டில் பிரேக்கிங் தூரம் 10 மீட்டர், ஈரத்தில் அது இரட்டிப்பு. ஈரத்தில் நிற்கும் தூரம் எவ்வளவு? 20 என்று போட்டேன், தவறு என்கிறது."

30தான் சரி. உங்கள் 20 மீட்டர், பிரேக்கை மிதித்த பிறகு வண்டி ஓடுவது மட்டும். அதற்கு முன்பே, ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும் அந்த 1 விநாடியில் வண்டி 10 மீட்டர் போய்விடும் (36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர்). அதுதான் ரியாக்‌ஷன் தூரம். இரண்டையும் கூட்டினால்தான் நிற்கும் தூரம்.

மழை, இறக்கம், தேய்ந்த டயர் எல்லாம் பிரேக்கிங் தூரத்தைத்தான் நீட்டும். தூக்கக் கலக்கம், செல்போன் ரியாக்‌ஷன் தூரத்தை நீட்டும். வேகம் மட்டும் இரண்டிலும் கை வைக்கும்: அதே காய்ந்த ரோட்டில் 72 கி.மீ. போனால் ரியாக்‌ஷன் தூரம் 20, பிரேக்கிங் தூரமோ நான்கு மடங்காகி 40, ஆக 60 மீட்டர். காய்ந்த ரோட்டில் 36 கி.மீ.-க்கு வரும் மொத்தம் 20-ஐ இரட்டித்து 40 என்று போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், நம்ம ஊர் மூடுபனி. சாலை ஈரமாகாதவரை அது இந்தத் தூரங்களை நீட்டாது, பார்வையைத்தான் குறைக்கும். பர்லியார் இறக்கத்தில் 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால், அதற்குள் நிற்கிற வேகத்தில்தான் இறங்க வேண்டும். ஈர ரோட்டில் 36 கி.மீ. அதிகம்.