வர்க்கப்படுத்தியதும் வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த 2

கேள்வி: √(x+7) = x − 5 கணக்குல 9, 2ன்னு ரெண்டு விடை வருது. புத்தகத்துல 9 மட்டும்தான் இருக்கு. 2 போட்டாலும் ரூட்டுக்குள்ள மைனஸ் வரலியே, பொறவு எதுக்கு அதை விடணும்?

பதில்:

ரூட்டுக்குள்ளே மைனஸ் வராதது மட்டும் போதாது. அங்கேதான் நிறையப் பேருக்கு மார்க் போகிறது.

x = 2 போட்டுப் பாருங்கள். இடப்புறம் √9, அதாவது 3. வலப்புறம் 2 − 5, அதாவது −3. √9-க்கு −3-ம் விடைதானே என்று கேட்காதீர்கள். வர்க்கம் 9 ஆகிற எண்கள் இரண்டு உண்டு, ஆனால் √ குறி அதில் மைனஸ் இல்லாததை மட்டும்தான் குறிக்கும்.

இனி, அந்த 2 எங்கிருந்து வந்தது? கொக்கிரகுளம் ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு “இங்கிருந்து 3 கிலோமீட்டர்” என்று மட்டும் சொன்னால், டவுன் பக்கமா பாளையங்கோட்டை பக்கமா என்று தெரியாது. வர்க்கப்படுத்துவதும் அப்படித்தான். 3, −3 இரண்டுமே 9 ஆகிவிடுகின்றன, எந்தப் பக்கம் என்பது அழிந்துபோகிறது. அதனால் x + 7 = (x − 5)² என்று எழுதிய நொடியே உங்கள் சமன்பாட்டோடு −√(x+7) = x − 5 என்ற இன்னொன்றும் சேர்ந்துவிடுகிறது. விரித்தால் x² − 11x + 18 = 0, அதாவது (x − 9)(x − 2) = 0. இதில் 9 உங்களுடையது, 2 அந்த இன்னொன்றுடையது.

ஆகவே விடையை முதல் வரியில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். இருபடிச் சமன்பாட்டில் போட்டால் இரண்டும் சரியாகத்தான் வரும், ஒன்றும் பிடிபடாது. இந்தக் கணக்குக்குக் குறுக்குவழியும் உண்டு: ரூட் மைனஸ் ஆகாது என்பதால் x − 5-ம் மைனஸ் ஆகக்கூடாது, எனவே x ≥ 5. அதிலேயே 2 விழுந்துவிடும். ரூட்டுக்குள் இருப்பதைத் தனியாகச் சோதிக்கவும் வேண்டாம், அது (x − 5)²-க்குச் சமம் என்பதால் மைனஸ் ஆகாது.

அதற்காக x மைனஸாக வந்தாலே அடித்துவிடாதீர்கள். √(x+5) = x + 3 கணக்கில் வர்க்கப்படுத்தினால் x² + 5x + 4 = 0, மூலங்கள் −1, −4. −1 போட்டால் இரு பக்கமும் 2, அது சரியான விடை. −4 போட்டால் ஒரு பக்கம் 1, மறுபக்கம் −1, அது தள்ளுபடி. மைனஸ் ஆகக்கூடாதது x இல்லை, x + 3.

கவனித்தீர்களா, தள்ளுபடியான மூலம் போட்டால் இரு பக்கமும் ஒரே எண், குறி மட்டும் எதிர். ஒரு பக்கம் மட்டும் ரூட் இருந்து, ஒரே ஒரு முறை வர்க்கப்படுத்திய கணக்கில் எப்போதும் இப்படித்தான் வரும். ஒரு பக்கம் 3, மறுபக்கம் −4 என்று வந்தால் அதைக் கூடுதல் மூலம் என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். விரிக்கும்போது எங்கோ பிசகியிருக்கிறது, பெரும்பாலும் வர்க்கத்தை விரித்ததில் நடுவே வரும் x உறுப்பு விட்டுப்போயிருக்கும்.