கதிர்க்கோல் இல்லாமல் பாக்டீரியா எப்படிப் பிரிகிறது?

கேள்வி: பாக்டீரியாவில் கதிர்க்கோல் இழையே கிடையாதாம். அப்புறம் இரண்டு டி.என்.ஏ.வும் ஒரே பக்கம் போய்விடாமல் எப்படிப் பிரிகின்றன? மைட்டாசிஸுக்கும் இதற்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். மைட்டாசிஸில் நகலெடுப்பு முழுவதும் முடிந்த பிறகுதான் பிரிப்பு தொடங்கும். மனித செல்லில் 46 குரோமோசோம்களும் நகலாகி, ஒவ்வொன்றும் தன் நகலோடு ஜோடியாக மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டே காத்திருக்கும். இந்த ஜோடிகளைப் பிரிக்க, இரு துருவங்களிலிருந்தும் பிடித்து இழுக்க ஓர் ஏற்பாடு தேவை. அதுதான் கதிர்க்கோல். ஒரே ஒரு குரோமோசோமில் இழை மாட்டாவிட்டாலும் செல் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நிற்கும். கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைப் போட்டால் இழைகள் உருவாகாது. குரோமோசோம்கள் பிரியாமல் அப்படியே நின்றுவிடும்.

ஈ.கோலை பாக்டீரியா அப்படிக் காத்திருப்பதில்லை. அதற்கு இருப்பது வட்டமான ஒரே குரோமோசோம். நீட்டினால் சுமார் 1.5 மில்லிமீட்டர், செல்லின் நீளமோ ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். ஓரிடத்தில் நகலெடுப்பு தொடங்கி இரு திசையிலும் நகரும். நகலான பகுதிகள் உடனுக்குடன் செல்லின் இரு பாதிகளுக்கும் விலகிப் போகும். மிச்சப் பகுதி அப்போதும் நகலாகிக்கொண்டிருக்கும். கடைசியில் இரு வளையங்களும் சங்கிலிக் கண்ணிகள்போல் கோத்துக்கொண்டால், டோப்போஐசோமரேஸ் 4 என்ற நொதி ஒன்றை வெட்டி, மற்றதை அதன் வழியே விட்டு, மறுபடி ஒட்டிவிடும்.

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 37 டிகிரியில் முழு நகலெடுப்புக்குச் சுமார் 40 நிமிடம், அதன் பின் செல் பிளக்க இன்னும் 20 நிமிடம், ஆக 60 நிமிடம். ஆனால் சத்தான ஊடகத்தில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கிறது! ஒரு சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுவதால்தான் இது முடிகிறது. இப்போது பிளக்கும் செல்லில் பங்கிடப்படும் டி.என்.ஏ.வின் நகலெடுப்பு, அதன் பாட்டி செல் பிறந்த சமயத்திலேயே தொடங்கியது. மைட்டாசிஸ் நடக்கும் செல்லில் இதற்கு இடமே இல்லை. அங்கே ஒரு சுழற்சிக்கு ஒரே முறைதான் நகலெடுப்பு.

செல்லை நடுவில் பிரிப்பது எஃப்டிஎஸ்-இசட் என்ற புரத வளையம். இது கதிர்க்கோல் இழைகளை உருவாக்கும் டியூபுலினின் உறவுப் புரதம். அங்கே குரோமோசோமை இழுக்கும் குடும்பம், இங்கே இடுப்பில் வளையமாக அமர்ந்து புதிய செல்சுவர் கட்டும் இடத்தைக் காட்டுகிறது. விலங்கு செல்லில் இடுப்பை இறுக்குவது ஆக்டின்.

வளையத்துக்கு இடம் குறிக்கும் மின்-சி, மின்-டி புரதங்கள் பழுதானால், வளையம் ஓரத்தில் உருவாகி, டி.என்.ஏ. இல்லாத குட்டிச் செல் ஒன்று உதிரும். வளையமே உருவாகாவிட்டால் செல் பிளக்காமல் நீண்டு இழையாகும். அந்த இழையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், டி.என்.ஏ. திட்டுகள் சீரான இடைவெளியில் தனித்தனியாகத் தெரியும். குறுக்குச் சுவர் ஒன்றுகூட இராது, டி.என்.ஏ. மட்டும் பிரிந்துகொண்டே போயிருக்கும்.