சம்பளம் பெரியது, சொத்து சிறியது: ஓய்வு பெற்ற வங்கிக் கடன் அதிகாரியிடம் சில கேள்விகள்

சென்னை, மென்பொருள் பணியாளர்: எனக்கு மாதம் 1,60,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 50 லட்சம் கடனில் 65 லட்சத்துக்கு வீடு வாங்கினேன். கார் இருக்கிறது. ஊரில் தையல் கடை வைத்து மாதம் 30,000 ஈட்டும் என் அத்தை மகன் என்னைவிட வசதியானவர் என்று அப்பா சொல்கிறார். அவருக்கு ஒரு ஏக்கர் நிலமும் ஒரு மனையும் உண்டு. அப்பா சொல்வது சரியா?

உங்கள் இருவரையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். இன்று எல்லாவற்றையும் விற்று, எல்லாக் கடனையும் அடைத்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் அந்த அளவுகோல். மனு கொடுத்தவரின் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகு வங்கியில் நாங்கள் பார்த்ததும் இதைத்தான்.

நீங்கள் தனியாக அனுப்பிய விவரப்படி வீட்டுக்கு இன்று 72 லட்சம் கிடைக்கும். வட்டி சராசரியாக 8.5 விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டு என்று கொண்டால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கட்டியது 26 லட்சம். அதில் அசலில் குறைந்தது 6 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. மீதி 20 லட்சம் வட்டியாகப் போயிற்று. இது வங்கி செய்த தவறு அன்று. நீண்ட காலக் கடனின் முதல் ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகும்படிதான் கணக்கு அமைகிறது. ஆகவே இன்னும் 44 லட்சம் பாக்கி. வீட்டில் உங்கள் பங்கு 28 லட்சம்.

காரை விற்றால் ஆறரை லட்சம் வரும், அதன் கடன் பாக்கியோ 7.8 லட்சம். அது கழித்தல் பக்கத்தில் நிற்கிறது. வருங்கால வைப்பு நிதி 9 லட்சம், தனிநபர் கடன் 3 லட்சம். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 33 லட்சம். உங்கள் அத்தை மகனின் நிலம் சென்ட் 35,000 என்று கொண்டால் 35 லட்சம், மனை 12 லட்சம், நகைக் கடன் 1 லட்சம். ஆக 46 லட்சம். இன்றைய கணக்கில் அப்பா சொல்வது சரிதான்.

ஆனால் உங்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். முன்பணம் 15 லட்சமும் தவணை 26 லட்சமுமாக 41 லட்சம் செலவிட்டு 28 லட்சத்தை வைத்திருக்கிறீர்கள் என்பது முழு உண்மையாகாது. அந்த வீட்டில் குடியிருந்தீர்கள். மாதம் 18,000 வாடகை என்றாலும் ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 11 லட்சம் மிச்சமாகியிருக்கிறது. வீடு உங்களை ஏழையாக்கவில்லை. மூன்று கடன்களுக்குமாக மாதம் 73,000 ரூபாய், அதாவது கைக்கு வரும் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி, வருவதற்கு முன்பே பேசி முடிக்கப்பட்டிருப்பதுதான் உங்களை நெருக்குகிறது.

திருவண்ணாமலை, ஆவண எழுத்தர்: உங்கள் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. 30,000 வருமானத்தில் யாரும் ஒரு ஏக்கர் வாங்கி நான் பார்த்ததில்லை. நான் எழுதும் பத்திரங்களில் பெரும்பாலான நிலம் பாகப்பிரிவினையிலோ செட்டில்மென்டிலோ வந்ததுதான். மேலும் சென்ட் 35,000 என்பது கேட்கும் விலையா, பத்திரம் ஆன விலையா?

இரண்டும் மிகச் சரியான கேள்விகள். சென்னை அன்பரிடம் கேட்டேன். அந்த ஏக்கரில் பாதி, தாத்தாவின் நிலம் பிரிந்தபோது வந்ததாம். மீதி 50 சென்ட்டை அத்தை மகன் இரண்டு முறையாக, சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியிருக்கிறார். பரம்பரைப் பங்கான 17.5 லட்சத்தைக் கழித்தால் அவர் தானாகச் சேர்த்தது 28.5 லட்சம். சென்னை அன்பரின் 33 லட்சம் அதைவிட அதிகம்.

ஆகவே எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இன்று யாரிடம் அதிகம் இருக்கிறது என்றால் அத்தை மகனிடம். தன் உழைப்பிலிருந்து அதிகம் சேர்த்தவர் யார் என்றால் சென்னை அன்பர். ஆயினும் தம்மைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ஈட்டுபவருக்குக் கிட்டத்தட்ட இணையாகத் தையற்காரர் சேர்த்தது எப்படி என்பதை விளக்க வேண்டும். அவர் வாடகை கொடுக்கவில்லை. பெற்றோரின் வீட்டில் இருக்கிறார். அவருடைய சீட்டு, வருமானம் வந்தவுடன் கட்டியாக வேண்டிய ஒன்றாக இருந்தது. எடுத்த தொகை நேராகக் கிரயப் பத்திரமானது. வாங்கியதும் 2000களின் முற்பகுதியில், அந்தப் பக்கம் சாலை விரிவடைவதற்கு முன். இந்த மூன்றில் கடைசியானது அவருடைய திறமையன்று.

விலையைப் பற்றி: தரகர் சொல்லும் விலையை நான் நம்புவதில்லை. அக்கம்பக்கத்துச் சர்வே எண்களில் கடைசி இரண்டு ஆண்டுகளில் உண்மையில் கைமாறிய தொகையை ஊரில் விசாரித்து அறிவதே ஓரளவு நம்பகமானது. பத்திரத்தில் எழுதிய தொகை அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருப்பதால் அது மட்டும் போதாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோயம்புத்தூர், வாசகர்: நிலத்தின் விலை ஒருநாளும் இறங்காது. அப்படியானால் அந்தச் சென்னை நண்பர் வீட்டை விற்றுவிட்டு மனைகள் வாங்கிப் போடுவதுதானே சரி?

பாதி சரி. நிலம் பழுதாகாது, தேயாது, ஊர் வளர்ந்தால் மதிப்பு கூடும். ஆனால் "இரண்டு லட்சத்துக்கு வாங்கியது இன்று இருபது லட்சம்" என்று நாம் வியந்து சொல்லும் கதையை ஆண்டுக் கணக்கில் பிரித்துப் பாருங்கள். 25 ஆண்டில் பத்து மடங்கு என்பது ஆண்டுக்குச் சுமார் 9.6 விழுக்காடு. நல்ல வளர்ச்சிதான், அதிசயம் இல்லை. 12 ஆண்டில் இரு மடங்கு என்றால் வெறும் 6 விழுக்காடு. அதை வங்கி வைப்பே பல ஆண்டுகளில் தந்திருக்கிறது. பத்து ஆண்டுகள் விலை அசையாமல் கிடந்த மனைகளை யாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை. அதனால்தான் இறங்காது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

வாங்கும்போதே ஒரு செலவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும், 2023 ஏப்ரலுக்குப் பிறகு பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். 10 லட்சம் மனைக்கு 90,000. தரகும் சேர்த்தால், விலை பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறிய பிறகே நீங்கள் போட்ட இடத்துக்கு வருகிறீர்கள். இதைவிடப் பெரிய அபாயம் அங்கீகாரம் இல்லாத மனை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த வழி இருந்தது. அதற்குப் பின் அனுமதியின்றிப் பிரிக்கப்பட்ட மனையைப் பதிவு செய்வதே கடினம். பதிய முடியாததை விற்கவும் முடியாது. விற்க முடியாததற்கு எந்த விலையை எழுதுவது?

தஞ்சாவூர், ஆசிரியை: அப்பா பெயரில் மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. என் சம்பளம் 75,000, சேமிப்பு குறைவு. அந்த நிலத்தை என் சொத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா? எனக்கு இரண்டு அண்ணன்கள்.

அம்மா, அந்த நிலம் அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கியதானால், அவர் இருக்கும் வரை அது அவருடையது மட்டுமே. யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். அப்படியானால் ஒரு ரூபாயும் எழுதாதீர்கள். பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தானால் பிறப்பாலேயே மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு என்று 2005-இன் திருத்தச் சட்டம் சொல்கிறது. அந்த ஆண்டில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே இது பொருந்தும்.

உங்கள் நிலம் எந்த வகை என்பதை மூலப் பத்திரமும் பழைய பட்டாவும் பார்க்காமல் என்னால் சொல்ல இயலாது. உரிமை உறுதியானாலும் பிரிக்கப்படாத பங்கைத் தனியாக வாங்க ஆள் கிடைப்பது அரிது. எனவே பிரிவினை ஆகும் வரை அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். உரிமையைக் கேட்காமல் விட்டுக்கொடுப்பதா என்பது வேறு கேள்வி. அதில் அவசரப்பட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓசூர், வாசகர்: விவசாய நிலம் வைத்திருந்தால் வரி இல்லை என்கிறார்கள். அதனால்தான் நிலம் உள்ளவர் பணக்காரர் ஆகிறாரா?

இல்லை. வேளாண் வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் உள்ள வேளாண் நிலத்தை விற்ற ஆதாயத்துக்கும் வரி இல்லை. அந்தத் தையற்காரரின் வருமானம் வரி கட்டும் அளவுக்கே வரவில்லை. அவர் கதையில் வரிக்குப் பங்கு இல்லை.

விழுப்புரம், விவசாயி: ஊரில் என்னைச் சொத்துக்காரன் என்கிறார்கள். ஒரு ஏக்கருக்கு 35 லட்சம் கேட்கிறார்கள். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மனைவியின் நகையை அடகு வைத்தேன். இது என்ன சொத்து?

உங்கள் கேள்வி இந்த உரையாடலிலேயே கனமானது, ஐயா. குத்தகைக்கு விட்டால் அந்த ஏக்கர் ஆண்டுக்கு 15,000 தரும் என்று எழுதியிருக்கிறீர்கள். 35 லட்சத்துக்கு அது அரை விழுக்காடுகூட இல்லை. விலை உயர்ந்தது, விளைச்சல் உயரவில்லை. அந்த விலை மனை போடுபவர்களின் எதிர்பார்ப்பில் நிற்கிறது. பத்து சென்ட் மட்டும் விற்கலாம் என்றால் பாதை விட வேண்டும், உட்பிரிவு செய்ய வேண்டும், மாதங்கள் ஆகும். அவசரம் தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

நிலத்தை விற்கச் சொல்ல எனக்கு மனமில்லை. விற்காதீர்கள் என்று சொல்லும் உரிமையும் இல்லை. அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு நகைக்கு முன்பாகக் கல்விக் கடனைக் கேளுங்கள், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையின்றித் தர வங்கிகளுக்குத் திட்டம் இருக்கிறது. மகளின் சேர்க்கைக் கடிதத்தோடு உங்கள் பகுதிக் கிளைக்குச் செல்லுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சென்னை, மென்பொருள் பணியாளர்: சரி, நான் என்ன செய்வது? நிலம் வாங்கவா?

இப்போது வேண்டாம். முதலில் தனிநபர் கடனை முடியுங்கள். மூன்றில் அதன் வட்டியே அதிகம். அதன் தவணையான 10,000 ரூபாயை வீட்டுக் கடனில் மாதந்தோறும் கூடுதலாகக் கட்டுங்கள். இன்றைய பாக்கியான 44 லட்சத்தில் தொடங்கினால், மீதமுள்ள 15 ஆண்டுகள் பத்தரை ஆண்டுகளுக்கும் குறைவாகச் சுருங்கும். சுமார் பதினொன்றரை லட்சம் வட்டி மிச்சமாகும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் கூடுதல் தொகை கட்டும்போது, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள்.

இன்றே கணக்கு அறிக்கையை எடுத்து மீதமுள்ள மாதங்களையும் சரிபாருங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4-இலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது, பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டின. உங்கள் பாக்கி 180 மாதமா, 220 மாதமா என்று தெரிந்த பிறகு எனக்கு எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கை அதற்கேற்பத் திருத்திச் சொல்கிறேன்.